காரணம் எழுதாதே என்பவர்களுக்கு

பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்கப்போவதில்லை என்று முடிவு செய்து உயில் எழுத உட்காரும் பெற்றோருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "யாருக்கு என்ன வேணுமோ எழுதுங்க. ஏன்னு மட்டும் எழுதாதீங்க." பத்திர எழுத்தர் இதைச் சொல்வார். வழக்கறிஞர்களில் பலர் சொல்வார்கள். குடும்பத்தில் பஞ்சாயத்துப் பேசிப் பழகிய மாமாவோ சித்தப்பாவோ நிச்சயம் சொல்வார். உயிலோடு ஒரு கடிதம் வைத்து, ஒரு பிள்ளைக்கு ஏன் கூடுதலாகவும் இன்னொரு பிள்ளைக்கு ஏன் குறைவாகவும் கொடுத்தோம் என்று விளக்கலாமே என்று யாராவது கேட்டால், வேண்டாத வேலை என்று அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுவார்கள்.

இந்த அறிவுரைக்குப் பின்னால் மூன்று வாதங்கள் இருக்கின்றன. என் சொத்து, என் இஷ்டம், யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை என்பது முதலாவது. எழுதிய காரணம் ஒவ்வொன்றும் எதிராளி பிடித்துக்கொள்ள ஒரு பிடி, எழுதாத காரணத்தை யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது என்பது இரண்டாவது. குறைவாகப் பெறும் பிள்ளையின் மனதை அந்தக் கடிதம் புண்படுத்தும், மௌனமே மரியாதை என்பது மூன்றாவது. மூன்றும் அனுபவத்திலிருந்து வருபவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் மூன்றுமே தவறான இடத்தில் போய் நிற்கின்றன. நம் நீதிமன்றங்களில் உயில்கள் எப்படிச் சோதிக்கப்படுகின்றன என்பதைப் பார்த்தால், ஏற்றத்தாழ்வான உயிலுக்கு மௌனத்தைவிடப் பெரிய பகை இல்லை என்பது தெரியும்.

என் சொத்து, என் இஷ்டம் என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சட்டம் அந்த உரிமையைக் கொடுக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. சுயமாகச் சம்பாதித்த சொத்தை ஓர் இந்துவால் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதிவைக்க முடியும். ஒரு பிள்ளைக்கு முழுவதையும் கொடுக்கலாம், ஒருவருக்கும் கொடுக்காமலும் போகலாம். 1995-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், இயல்பான வாரிசுகளை விலக்கியது ஒன்றே சந்தேகத்துக்குக் காரணமாகாது என்று சொன்னது. உயில் எழுதுவதன் நோக்கமே வாரிசுரிமையின் வழக்கமான ஓட்டத்தை மாற்றுவதுதானே என்பது அதன் விளக்கம். காரணம் எழுதாதே என்பவர்கள் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

ஆனால் அந்தத் தீர்ப்பில் ‘ஒன்றே’ என்ற சொல் இருக்கிறது. வழக்கு என்று வந்துவிட்டால் ஏற்றத்தாழ்வு ஒருபோதும் தனியாக வருவதில்லை. 1958-ல் முடிவாகி இன்றுவரை உயில் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் வெங்கடாசல ஐயங்கார் வழக்கின் தீர்ப்பு, உயிலைச் சுற்றியுள்ள சந்தேகங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்கிறது. நடுங்கிய கையெழுத்து, எழுதியவரின் தளர்ந்த மனநிலை, இயல்புக்கு மாறான அல்லது நியாயமற்றதாகத் தோன்றும் பங்கீடு, பயன்பெறுபவரே உயில் தயாரிப்பதில் முன்னின்றது ஆகியவை அவற்றில் சில. இவற்றில் ஏதாவது இருந்தால், அதை விளக்கித் தீர்க்கவேண்டிய சுமை உயிலை முன்வைப்பவரின் தலையில் விழுகிறது. எழுதியவர் இறந்துவிட்டார், அவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்க முடியாது. அதனால்தான் நீதிமன்றம் சுற்றுப்புறத்தைக் கேட்கிறது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு இதை இன்னும் தெளிவாக்கியது. ஒருவர் தன் மனைவியைப் பற்றி உயிலில் ஒரு வார்த்தைகூட எழுதாமல், சொத்து முழுவதையும் உறவினர் ஒருவருக்கு எழுதிவைத்திருந்தார். மனைவி என்று ஒருத்தி இருப்பதும், அவளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதும் உயிலில் இல்லை என்பதை, மற்றச் சூழ்நிலைகளோடு சேர்த்துப் பார்த்துச் சந்தேகமாகவே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அது மனைவி சம்பந்தப்பட்ட வழக்குதான். ஆனால் பிள்ளைகளின் வழக்கிலும் கேள்வி இதேதான்: இவரை இவர் மறந்துவிட்டாரா, அல்லது மறக்கும்படி யாரேனும் செய்தார்களா? மௌனத்திடம் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

பதிவு செய்துவிட்டால் போதும் என்பார்கள். பதிவு நல்லதுதான், செய்யவும் வேண்டும். ஆனால் பதிவு செய்யப்பட்டது என்பதாலேயே எல்லாச் சந்தேகமும் தீர்ந்துவிடாது என்று 1960-களின் தொடக்கத்திலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான் என்பதைப் பதிவு காட்டும். ஏன் போட்டார் என்பதை அது காட்டாது.

இதை ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். கற்பனைக் குடும்பம்தான், ஆனால் இதைப்போல ஒன்றை அறியாதவர் நம்மில் குறைவு. திருச்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கணவர் இல்லை. தன் சம்பளத்திலும் வீட்டுக் கடனிலும் கட்டிய வீடு, இன்றைய மதிப்பு 70 லட்சம். வங்கியில் வைப்புத்தொகை 20 லட்சம். 30 சவரன் நகை. மூன்று பிள்ளைகள். மூத்த மகன் பெங்களூரில் இருக்கிறார். அவர் அங்கே அடுக்குமாடியில் வீடு வாங்க 2012-ல் அம்மா 15 லட்சம் கொடுத்தார். நடுவில் பிறந்த மகள், அம்மாவின் முழங்கால் அறுவைக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டுக் கணவரோடு வந்து அதே வீட்டில் தங்கி அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார். இளைய மகனின் கடை நொடித்துப்போனது, நிலையான வருமானம் இல்லை. அம்மா வீட்டை மகளுக்கும், வங்கிப் பணத்தை இளையவருக்கும், நகையை மூவருக்கும் பத்துப் பத்துச் சவரனாகவும் எழுதுகிறார். சொல்லப்போனால் இது நன்றாக யோசித்துச் செய்த பங்கீடு. உயிலில் காரணம் எதுவும் இல்லை, ஏனென்றால் அப்படித்தான் அவருக்கு அறிவுரை.

அம்மா இறந்த பிறகு மூத்தவர் உயிலை எதிர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எந்தப் பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா தங்கையின் பராமரிப்பில்தான் இருந்தார். சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தங்கைதான் ஆட்டோ வைத்து அழைத்துப் போனார். அம்மாவுக்குப் பார்வை மங்கியிருந்தது, மாத்திரையைக்கூடத் தங்கைதான் எடுத்துக்கொடுத்தார். இந்த மூன்றும் உண்மை. இந்த மூன்றையும் வரிசையாக வைத்தாலே ஒரு கதை உருவாகிவிடுகிறது: அம்மா தங்கையின் கைக்குள் இருந்தார், அவள் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

இங்கே நடப்பதைக் கவனிக்க வேண்டும். மகளுக்கு வீடு கிடைத்ததற்கு எது காரணமோ, அதுவே அவருக்கு எதிரான சாட்சியாக மாறுகிறது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார் என்பதற்காக அம்மா கொடுத்தார். பக்கத்தில் இருந்தார் என்பதற்காக நீதிமன்றம் அவரைச் சந்தேகிக்கிறது. ஏற்றத்தாழ்வான உயில்களில் பல இப்படிப் பார்த்துக்கொண்ட பிள்ளைக்குச் சாதகமாகத்தான் எழுதப்படுகின்றன. ஆகவே மௌனத்தின் ஆபத்து முழுவதும், அம்மா யாருக்கு நன்மை செய்ய நினைத்தாரோ அந்தப் பிள்ளையின் தலையில்தான் இறங்குகிறது. அம்மாவின் கைப்பட, அம்மாவின் வார்த்தையில் ஒரு கடிதம் இருந்தால், அவருக்கு எல்லாம் நினைவிருந்தது, மூவரையும் எண்ணிப் பார்த்தார், தானாக முடிவெடுத்தார் என்று சொல்ல ஓர் ஆதாரம் இருக்கும். அது இல்லாதபோது மகள் சொல்லும் எல்லாமே பயன்பெறுபவரின் பேச்சாகத்தான் கேட்கும்.

இனி இரண்டாவது வாதம், மூன்றிலும் வலுவானது. எழுதிய காரணம் எதிராளிக்குப் பிடி என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது, அந்த உண்மையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அதே அம்மா, மூத்த மகன் தீபாவளிக்கு வராத ஒரு வருடம், மனம் நொந்து இப்படி எழுதினார் என்று வைத்துக்கொள்வோம்: "மூத்தவன் என்னை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீடு வாங்கிய பிறகு எனக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை." மூத்தவர் நீதிமன்றத்துக்கு வங்கிக் கணக்கு அறிக்கையோடு வருகிறார். மூன்று வருடம் மாதம் ஐயாயிரம் அனுப்பியிருக்கிறார். முழங்கால் அறுவைக்கான மருத்துவமனைக் கட்டணத்தில் பாதி அவருடையது. இப்போது அந்தக் கடிதம் உயிலைக் காப்பாற்றாது, அதைக் குத்தும். ஒன்று, அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. அல்லது யாரோ அவர் காதில் பொய்யை ஓதினார்கள். இரண்டில் எது என்றாலும் உயில் ஆட்டம் காணும்.

இதைப் பார்த்துப் பயந்துதான் வழக்கறிஞர்கள் எழுதாதே என்கிறார்கள். ஆனால் அவர்கள் பயப்பட வேண்டியது கோபத்தைப் பார்த்து. காரணம் எழுதியதால் இங்கே உயில் ஆடவில்லை. பொய்யான, குற்றம் சாட்டும் காரணத்தை எழுதியதால் ஆடியது. சோதிக்கக்கூடிய உண்மையை எழுதினால் எதிராளிக்குக் கிடைக்கும் பிடி எது? அதே அம்மா, அதே குடும்பம், இப்படி எழுதட்டும்:

"உயிலில் கையெழுத்துப் போட்ட பிறகு இதே நாளில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இது உயில் இல்லை. இதனால் யாருக்கும் எதுவும் கூடாது, குறையாது. வீட்டை மகளுக்குக் கொடுத்திருக்கிறேன். என் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவளும் மாப்பிள்ளையும் என்னோடு இருக்கிறார்கள். அதற்காக அவள் பார்த்த வேலையை விட்டாள். மூத்தவனுக்கு 2012-ல் வீடு வாங்க 15 லட்சம் கொடுத்தேன். என் வங்கிக் கணக்கிலிருந்து போன பணம், பாஸ்புக் பீரோவில் இருக்கிறது. அதை அவன் பங்காக நினைத்துத்தான் கொடுத்தேன். அன்றைக்கு அவனிடம் அப்படிச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அவன் எனக்கு மாதாமாதம் பணம் அனுப்பியிருக்கிறான், ஆஸ்பத்திரிச் செலவில் பாதி கொடுத்தான். அவன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சின்னவனுக்குக் கடை போன பிறகு நிலையான வருமானம் இல்லை, அதனால் பேங்க் பணம் அவனுக்கு. சார்பதிவாளர் ஆபீசுக்கு மகள்தான் கூட்டிக்கொண்டு போனாள், ஆனால் உயிலில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது."

இந்தக் கடிதத்தில் எதிராளிக்குப் பிடி எங்கே இருக்கிறது? 15 லட்சம் வங்கி ஏட்டில் இருக்கிறது. மகள் வேலையை விட்டதற்கு அலுவலகத்தின் காகிதம் இருக்கும். மூத்தவர் கொடுத்ததை அம்மாவே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆகவே அவர் கொண்டுவரும் வங்கி அறிக்கை, அம்மாவின் நினைவு சரியாக இருந்தது என்பதற்கே சாட்சியாகிவிடுகிறது. மகள் அழைத்துப் போனார் என்ற குற்றச்சாட்டும் அம்மாவின் வார்த்தையிலேயே பதில் பெற்றுவிட்டது. மூத்தவர் இதைப் படித்த பிறகும் வருத்தப்படலாம், ஆனால் வழக்கைக் கட்ட அவருக்குச் செங்கல் கிடைக்காது. இதுபோன்ற கடிதத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு: தேதியும் தொகையும் இருக்கவேண்டும், குணத்தைப் பற்றிய தீர்ப்பு இருக்கக் கூடாது, குறைவாகப் பெறுபவர் செய்த நன்மை கட்டாயம் இருக்கவேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம், ஏனென்றால் மறந்துபோனார் என்ற வாதத்தை அது ஒன்றே உடைக்கிறது.

காரணத்தை உயிலிலேயே ஒரு பத்தியாகப் போட்டுவிடலாமே, எதற்குத் தனிக் கடிதம் என்று கேட்பவர்கள் உண்டு. உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை பதிவான உயிலின் நகலை வேறு யாரும் வாங்க முடியாது. ஆனால் அவர் இறந்த பிறகு, விண்ணப்பிக்கும் எவருக்கும் அந்த நகலைக் கொடுக்கலாம் என்கிறது 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டம். மகனின் கடை நொடித்த கதையும், மகள் வேலையை விட்ட கதையும் பக்கத்து வீட்டுக்காரர் கட்டணம் கட்டிப் படிக்கும் ஆவணமாக வேண்டுமா? பங்கீடு பொது ஏட்டில் இருக்கட்டும். காரணம் குடும்பத்துக்குள் இருக்கட்டும், நீதிமன்றம் கேட்டால் மட்டும் வெளியே வரட்டும்.

தனியாக எழுதும்போது இரண்டு சட்ட நுணுக்கங்களைக் கவனித்தாக வேண்டும். இவற்றை அறியாமல் எழுதிக் கெட்டவர்களைப் பார்த்துத்தான் பல வழக்கறிஞர்கள் கடிதமே வேண்டாம் என்கிறார்கள். முதலாவது, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு. உயில் எழுதும்போது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் ஓர் ஆவணத்தைத் தன் எண்ணத்தின் ஒரு பகுதி என்று உயிலில் குறிப்பிட்டால், அந்த ஆவணமும் உயிலின் பகுதியாகிவிடும். கடிதத்தை முதலில் எழுதி, "என் கடிதத்தில் கண்டபடி" என்று உயிலில் ஒரு வரி போட்டால், கடிதத்தின் ஒவ்வொரு சொல்லும் உயிலாகிவிடுகிறது. தனியாக வைத்ததன் பயனே போய்விடும். அதனால்தான் மேலே அந்த அம்மா, உயிலில் கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன் என்று தொடங்கினார். உயில் முதலில், கடிதம் பிறகு. கடிதத்தைப் பற்றி உயிலில் பேச்சே வேண்டாம்.

இரண்டாவது நுணுக்கம் இன்னும் கூர்மையானது. உயிலில் சொன்னதை மாற்றும், அதோடு சேர்க்கும் ஆவணத்தை மட்டுமல்லாமல், விளக்கும் ஆவணத்தையும் துணை உயில் என்றே சட்டம் வரையறுக்கிறது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால்தான் அது செல்லும். நல்லெண்ணத்தில் ஒருவர் தன் விளக்கக் கடிதத்துக்கும் இரண்டு சாட்சி வாங்கிவிட்டால், அது துணை உயிலாகப் படிக்கப்படும் வாய்ப்பைத் தானே உண்டாக்கிவிடுகிறார். அதன் ஒவ்வொரு வரியும் பங்கீட்டை மாற்றுகிறதா என்று வாதம் கிளம்பும். எனவே கடிதத்துக்குச் சாட்சி வேண்டாம். தன் கையாலேயே எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டால் போதும். அந்தக் கையெழுத்தை அறிந்த ஒருவர் அதை அடையாளம் காட்ட முடியும். தட்டச்சு செய்யக் கூடாது, வழக்கறிஞரோ மகளோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதவும் கூடாது. அந்த அம்மாவின் கடிதம் அம்மா பேசுவதுபோலவே இருக்கவேண்டும். சட்ட நடையில் இருந்தால், எழுதியது யார் என்ற கேள்வி உடனே வந்துவிடும்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்லவேண்டும். கடிதத்தில் எதையும் கொடுக்கக் கூடாது. "என் வளையல் இரண்டையும் சின்னவளுக்குக் கொடுங்கள்" என்ற ஒரு வரி போதும், மொத்தக் கடிதமும் குழப்பமாகிவிட. சாட்சி இல்லாததால் அந்தக் கொடை செல்லாது. கடைசி ஆசையை நிறைவேற்றவில்லை என்ற பழி மட்டும் பிள்ளைகளுக்குள் மிஞ்சும். கொடுப்பது எல்லாம் உயிலில், ஏன் என்பது மட்டும் கடிதத்தில். உயிலை மாற்றி எழுதினால் கடிதத்தையும் புதிதாக எழுதி, பழையதைக் கிழித்துவிட வேண்டும். பழைய கடிதம் புதிய உயிலோடு முரண்பட்டால் எதிராளிக்கு அதைவிட வேறொன்றும் தேவையில்லை. கடிதத்தைப் பயன்பெறும் பிள்ளையிடம் கொடுத்து வைக்கவும் கூடாது. உயிலோடு சேர்த்து, பங்கில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் இருக்கவேண்டும்.

மூன்றாவது வாதத்துக்கு வருகிறேன்: கடிதம் குறைவாகப் பெறும் பிள்ளையைப் புண்படுத்தும். புண்படுத்துவது கடிதம் என்று நினைப்பதுதான் பிழை. புண்படுத்துவது பங்கு. வீடு தங்கைக்குப் போயிற்று என்று தெரியும் அந்தக் கணத்திலேயே மூத்தவருக்கு வலி வந்துவிட்டது. அதன் பிறகு அவர் மனம் ஒரு காரணத்தைத் தேடும், மனிதர் எவரும் காரணம் இல்லாத விலக்கலை ஏற்பதில்லை. அம்மா காரணம் சொல்லாவிட்டால் அவரே ஒன்றைச் செய்துகொள்வார். அம்மாவுக்கு என்மேல் அன்பில்லை, அல்லது தங்கை ஏமாற்றிவிட்டாள். முதலாவதை நம்பி வாழ்வது கடினம், ஆகவே பெரும்பாலும் இரண்டாவதைத்தான் நம்புவார். மரியாதைக்காகக் கடைப்பிடித்த மௌனம் கடைசியில் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே போய் நிற்கிறது.

நேரில் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். சொல்லவேண்டும், சொல்வதை நான் தடுக்கவில்லை. ஆனால் ஒரே பேச்சை மூன்று பிள்ளைகள் மூன்று விதமாக நினைவில் வைப்பார்கள். "அம்மா அன்னைக்கு அப்படிச் சொல்லலையே" என்று பத்து வருடம் கழித்து ஒருவர் சொன்னால், மறுக்க யாரும் இல்லை. 15 லட்சம் உன் பங்கு என்று அம்மா 2012-ல் சொல்லாமல் விட்டது எவ்வளவு பெரிய குழப்பம் என்பதை அவரது கடிதமே காட்டுகிறது.

கடிதம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. தன்னுடையது அல்லாத சொத்தை யாரும் எந்தக் கடிதத்தாலும் பிரிக்க முடியாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்கு, அன்றுவரை திருமணமாகாதவர்களுக்கு மட்டும், அந்த உரிமை வந்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்த சட்டத்துக்கு 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவான பொருள் கொடுத்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கை மட்டுமே தகப்பன் உயில் எழுதலாம். "கல்யாணத்துக்கே எல்லாம் செய்தாச்சு" என்று எழுதிவைத்தாலும் மகளின் பங்கு அவளுடையதுதான். இந்த இடத்தில் கடிதம் உதவாது, உதவவும் கூடாது.

ஆனால் கடிதத்தின் மிகப் பெரிய பயன் எனக்குப் பெண் பிள்ளையின் பங்கு விஷயத்தில்தான் தெரிகிறது, இதை வழக்கறிஞர்கள் யாரும் சொல்வதில்லை. சுயசம்பாத்தியத்திலும் நம் வீடுகளில் பெண்ணுக்குக் குறைத்து எழுதுவதற்குச் சொல்லப்படும் காரணம் அதே ஒன்றுதான்: சீர் செய்தோம், நகை போட்டோம், மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தோம். வாயால் சொல்லும்போது அது நியாயமாகவே ஒலிக்கும். அதைத் தேதியோடும் தொகையோடும் தாளில் எழுதச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக் கொடுத்த பணத்தை எழுதினால், 1961-லிருந்து சட்டம் குற்றமாகச் சொல்லும் ஒன்றைத் தன் கைப்பட ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வரதட்சணை வாங்குவதோடு கொடுப்பதும் குற்றம். அந்தப் பணம் யார் கைக்குப் போயிற்று என்று எழுதினால், மகளின் கைக்கு அது வரவேயில்லை என்பது தெரிந்துவிடும். மகனின் படிப்புக்கும் திருமணத்துக்கும் ஆன செலவை ஏன் அவன் பங்கில் கழிக்கவில்லை என்ற கேள்வி அடுத்த வரியிலேயே வந்து நிற்கும். அந்த இடத்தில் பேனா நின்றுவிடும். நிற்கட்டும். அப்படி நின்றால் திருத்த வேண்டியது கடிதத்தை அல்ல, உயிலை.

இதனால்தான் காரணம் எழுதாதே என்ற அறிவுரையை நான் இவ்வளவு கடுமையாக மறுக்கிறேன். அது நல்ல உயிலையும் கெட்ட உயிலையும் ஒரே மௌனத்தில் மறைக்கிறது. நியாயமாக யோசித்துக் கூடுதலாகவும் குறைவாகவும் கொடுத்த அந்த ஆசிரியையின் பங்கீடும், பெண் பிள்ளைதானே என்று குறைத்த ஒரு தகப்பனின் பங்கீடும் தாளில் ஒன்றுபோலவே தெரிகின்றன. முதலாவதைக் காப்பாற்ற ஆதாரம் இல்லாமல் போகிறது. இரண்டாவதை எழுதியவர் தன்னையே ஒரு கேள்வியும் கேட்காமல் தப்பித்துவிடுகிறார்.

ஆகவே உயில் எழுதப் போகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் கூடக் குறையக் கொடுக்கத் தீர்மானித்தால், உயிலில் கையெழுத்துப் போடுவதற்கு முன் உட்கார்ந்து அந்தக் காரணத்தை ஒருமுறை வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். குறைவாகப் பெறும் பிள்ளை உங்கள் எதிரே உட்கார்ந்து வாசிக்கக்கூடியதாக அது இருந்தால், அந்த வரைவைக் கிழித்துவிட்டு உயிலில் கையெழுத்துப் போடுங்கள். பிறகு அதே நாளில் அதே காரணங்களைப் புதிதாகக் கைப்பட எழுதிக் கடிதமாக உயிலோடு வையுங்கள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் படிக்க முடியாத காரணமாக இருந்தால், அந்தப் பங்கை மாற்றுங்கள். பிள்ளையிடம் சொல்ல முடியாத காரணம், பங்கைக் குறைக்கப் போதுமான காரணமாகவும் இருக்க முடியாது.